விளக்கப்படம் கறுப்பு வெள்ளை அச்சைத் தாங்குமா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்தில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பகுதிகளில் கிராம சபைக்கும் விவசாயிகளின் கூட்டங்களுக்கும் அறிக்கை தயாரிப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கணினியில் வண்ணத்தில் வரையும் படம், மக்கள் கைக்குப் போய்ச் சேரும்போது பெரும்பாலும் கறுப்பு வெள்ளை நகலாகவே இருக்கிறது. மலையாளத்தில் போட்டோஸ்டாட் என்றும் தமிழில் ஜெராக்ஸ் என்றும் நாம் சொல்வது ஒரே இயந்திரத்தைத்தான். அது நம் படத்துக்குச் செய்வதும் ஒன்றுதான்.

திரையில் நான்கு நிறமும் பளிச்சென்று வேறுபட்டிருந்தன. அச்சில் இரண்டு ஒன்றாகிவிட்டன. ஏன்?

கண்ணுக்கு இரண்டு நிறங்கள் வேறாகத் தெரிவதற்குப் பல காரணங்கள் உண்டு. கறுப்பு வெள்ளை அச்சு அவற்றில் ஒன்றை மட்டும்தான் காப்பாற்றுகிறது: அந்த நிறம் எவ்வளவு இருண்டது, எவ்வளவு வெளிறியது என்பதை. இதை வெளிர்மை என்று அழைப்போம். சிவப்பா பச்சையா என்ற செய்தி முழுவதும் அச்சில் அழிந்துபோகிறது. ஆகவே வெளிர்மை ஒன்றாக உள்ள சிவப்பும் பச்சையும் திரையில் எவ்வளவு சண்டையிட்டாலும் தாளில் ஒரே சாம்பல்தான்.

நான் கையைச் சுட்டுக்கொண்ட படத்தையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். ஒரு வார்டுக்கு ஒரு பட்டை. ஒவ்வொரு பட்டையிலும் கீழிருந்து மேலாக நெல், தென்னை, நிலக்கடலை, காய்கறி ஆகியவற்றின் பரப்பளவு அடுக்கப்பட்டிருந்தது. லிப்ரே ஆபிஸ் கால்க் தானாகக் கொடுத்த நிறங்களை அப்படியே விட்டுவிட்டேன். நெல்லுக்கு அடர்நீலம் (`#004586`), தென்னைக்குச் செம்மஞ்சள் (`#ff420e`), நிலக்கடலைக்கு மஞ்சள் (`#ffd320`), காய்கறிக்குப் பச்சை (`#579d1c`). நகலைக் கையில் வாங்கிய பெரியவர் ஒருவர், "தம்பி, எங்க வார்டுல காய்கறியே இல்லீங்களா? எல்லாம் தென்னைன்னு போட்டிருக்கீங்க" என்று கேட்டார். அவர் வார்டில் காய்கறி இருந்தது, நிலக்கடலைதான் இல்லை. மற்ற பட்டைகளில் தென்னைக்கும் காய்கறிக்கும் நடுவே வெளிறிய நிலக்கடலைத் துண்டு வேலி போல நின்று இரண்டையும் பிரித்தது. அவர் வார்டில் அந்த வேலி இல்லாததால், தென்னையும் காய்கறியும் ஒட்டி ஒரே சாம்பல் கட்டையாகிவிட்டன.

அச்சிடாமலேயே இதை முன்கூட்டிக் கணக்கிட முடியுமா?

முடியும், இரண்டு நிமிட வேலைதான். திரை நிறம் ஒவ்வொன்றும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களால் ஆனது. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை செல்லும். நம் கண் பச்சையை அதிக வெளிச்சமாகவும் நீலத்தைக் குறைந்த வெளிச்சமாகவும் உணர்வதால், சாம்பல் எண்ணைக் கணக்கிடும்போது மூன்றுக்கும் வேறுவேறு பங்கு கொடுக்கிறார்கள். பரவலாகப் பயன்படும் வாய்பாடு இது. A, B, C நிரல்களில் முறையே சிவப்பு, பச்சை, நீல எண்கள் இருப்பதாகக் கொள்க:

```
=0.299*A2+0.587*B2+0.114*C2
```

விடை 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் வெள்ளைத் தாள். என் படத்தின் நான்கு நிறங்களையும் இதில் இட்டால் நெல் 56, தென்னை 117, நிலக்கடலை 204, காய்கறி 121 என்று வருகிறது. தென்னைக்கும் காய்கறிக்கும் இடையே வெறும் 4. குற்றம் இயந்திரத்தின் மேல் இல்லை என்பது அந்த எண்ணிலேயே தெரிந்துவிட்டது.

என் அனுபவ விதி இது: அடுத்தடுத்த இரண்டு சாம்பல்களுக்கு இடையே குறைந்தது 50 இடைவெளி வேண்டும், படம் நகலின் நகலாகப் போகும் என்றால் 60 வேண்டும். 0 முதல் 255 வரையுள்ள இடத்தில், முழுக் கறுப்பையும் வெள்ளைத் தாளையும் ஒட்டிய இரு முனைகளை விட்டுவிட்டுப் பார்த்தால் நான்கு சாம்பல்களுக்கு மேல் அடங்காது. ஐந்தாவதாக ஒன்றை நுழைக்கப் பார்ப்பவர்கள் அதிகம். நுழையும், ஆனால் யாராலும் வாசிக்க முடியாது.

எக்செல்லில் பணிபுரிகிறவர்கள் தங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை என்று நினைக்க வேண்டாம். பல ஆண்டுகள் அதன் இயல்பான வண்ணத் தொகுப்பில் ஐந்தாவதாக வந்த வெளிர்நீலமும் (`#5B9BD5`) ஆறாவதாக வந்த பச்சையும் (`#70AD47`) இதே வாய்பாட்டில் ஏறத்தாழ 143 என்று ஒரே எண்ணில் முடிகின்றன.

ஒருவர் சொல்லும் சாம்பல் எண்ணும் இன்னொருவர் சொல்வதும் பொருந்தவில்லை. எதை நம்புவது?

இரண்டுமே சரியாக இருக்கலாம். நிறத்தைச் சாம்பலாக்க ஒரே ஒரு வாய்பாடுதான் உண்டு என்பதில்லை. மேலே சொன்ன பங்குகள் பழைய தொலைக்காட்சித் தரத்திலிருந்து வந்தவை. உயர்தெளிவுத் தொலைக்காட்சிக்கான தரம் 0.2126, 0.7152, 0.0722 என்ற பங்குகளைக் கொள்கிறது. அதன்படி என் தென்னை 102, காய்கறி 133 ஆகின்றன. இடைவெளி 4-லிருந்து சுமார் 30-க்குத் தாவிவிடுகிறது. ஒருவர் கணினியில் தேறிய படம் மற்றொருவர் அச்சுப்பொறியில் தோற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அச்சுப்பொறியின் இயக்கி மென்பொருள் எந்த வாய்பாட்டைக் கொள்கிறது என்பது நமக்குத் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. எனவே இரண்டு வாய்பாட்டிலும் கணக்கிட்டு, இரண்டிலும் இடைவெளி 50-க்குக் குறையாமல் நிற்கும் நிறங்களை மட்டுமே எடுப்பது நல்லது.

தவறென்று உறுதியாகச் சொல்லத்தக்க முறையும் ஒன்று உண்டு. ஜிம்ப்பில் `Colors → Desaturate → Desaturate` என்று போனால் பல வழிகளைக் காட்டும். அதில் `Luminance` அல்லது `Luma` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். `Lightness (HSL)` என்பதைத் தேர்ந்தால், பெயர் பொருத்தமாகத் தோன்றினாலும் பயன் இல்லை: அது பளீர் மஞ்சளையும் கடும் நீலத்தையும் ஒரே நடுச் சாம்பலாக்கிவிடும். மஞ்சள் தாளில் கிட்டத்தட்ட வெள்ளை, நீலம் கிட்டத்தட்டக் கறுப்பு என்பது யாருக்கும் கண்ணால் தெரிந்ததே. `Average` என்பதும் அதே இனம்; அதில் முழுச் சிவப்பு, முழுப் பச்சை, முழு நீலம் மூன்றுக்கும் 85 என்ற ஒரே எண்தான் கிடைக்கும்.

கணக்கெல்லாம் வேண்டாம், கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வழி உண்டா?

விண்டோஸ் 11-இல் `Settings → Accessibility → Color filters` என்ற இடத்தில் `Grayscale` என்பதை இயக்கினால் முழுத் திரையும் சாம்பலாகும். ஆண்ட்ராய்டு கைபேசியில் டெவலப்பர் அமைப்புகளில் `Simulate color space` என்பதன் கீழ் `Monochromacy` உண்டு. முதல் வடிகட்டலுக்கு இவை போதும். திரையிலேயே கலந்துபோகும் படம் தாளில் பிழைக்காது.

ஆனால் திரையில் தேறியது தாளிலும் தேறும் என்று கொள்ளக் கூடாது. திரையால் உண்மையான சாம்பலைக் காட்ட முடியும். லேசர் அச்சுப்பொறியிடம் சாம்பல் மை இல்லை; இருப்பது கறுப்பு டோனர் மட்டுமே. ஓரிடத்தில் டோனர் விழும், அல்லது விழாது. சாம்பலாக நாம் காண்பது, சிறு கறுப்புப் புள்ளிகளும் நடுவே தெரியும் வெள்ளைத் தாளும் சேர்ந்து கண்ணுக்குக் காட்டும் மாயை. இதைப் புள்ளித்திரை என்பார்கள். அங்குலத்துக்கு 600 நுண்புள்ளிகள் இடும் பொறி, அங்குலத்துக்கு 100 வரிசைகள் கொண்ட புள்ளித்திரையை அமைத்தால், ஒவ்வொரு கட்டமும் 6 × 6 நுண்புள்ளி அளவுடையது. 36 நுண்புள்ளிகளில் எத்தனை கறுப்பு என்பதே அந்தச் சாம்பல். கட்டத்தின் அகலம் சுமார் 0.25 மில்லிமீட்டர். இந்த அளவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோட்டுப் படத்தைப் பற்றிய கேள்வியில் மறுபடி தேவைப்படும்.

அச்சில் நன்றாக இருந்தது, ஜெராக்ஸ் எடுத்ததும் கெட்டுவிட்டது. இதற்கு என்ன சோதனை?

அச்சுப்பொறி சாம்பலைப் புள்ளிகளாக மாற்றுகிறது. நகல் இயந்திரம் அந்தப் புள்ளிகளைப் பார்த்து, அவற்றின் மேல் தன் தீர்ப்பை எழுதுகிறது. எழுத்து முறையில் இயங்கும்போது அது மிகக் கடுமையானது: எழுத்து கூர்மையாக வர வேண்டும் என்பதற்காக, ஓரளவுக்கு மேல் இருண்டவற்றை முழுக் கறுப்பாகவும் மற்றவற்றை வெள்ளையாகவும் தள்ளிவிடும். எழுத்தும் படமும் கலந்த முறை, படத்துக்கான முறை என்று பொத்தான்கள் இருக்கும். ஆனால் நூறு பிரதிகள் வரிசையில் காத்திருக்கும்போது கடைக்காரர் அதைத் தேடிப் போவதில்லை. ஆகையால் மோசமான நிலையையே எதிர்பார்த்துச் சோதிக்க வேண்டும்.

இமேஜ்மேஜிக் மென்பொருள் இருந்தால் மூன்று கட்டளைகளில் மூன்று நிலைகளையும் பார்த்துவிடலாம். படத்தை 600 புள்ளி அடர்த்தியில் சேமித்த பிறகு இவற்றை இயக்குங்கள்:

```
magick padam.png -grayscale Rec601Luma sambal.png
magick sambal.png -ordered-dither h6x6a pulli.png
magick sambal.png -threshold 50% kadumai.png
```

முதலாவது வெறும் சாம்பல். இரண்டாவது அச்சுப்பொறியின் புள்ளித்திரையைப் போன்றது. அதை 100 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளிகள் தனித்தனியே தெரியும். மூன்றாவதே எழுத்து முறையில் ஓடும் ஜெராக்ஸின் கொடுங்கனவு: 128-க்குக் கீழே உள்ள சாம்பல் எல்லாம் கறுப்பு, மேலே உள்ளவை எல்லாம் வெள்ளை.

என் பழைய படத்தை மூன்றாவது கட்டளையில் இட்டபோது நெல் (56), தென்னை (117), காய்கறி (121) ஆகிய மூன்றுமே முழுக் கறுப்பாயின. நிலக்கடலை (204) தாளோடு தாளாக மறைந்தது. அதற்கு ஓரக் கோடுகூட இல்லாததால், பட்டையின் நடுவில் யாரோ ஒரு துண்டைக் கடித்து எடுத்ததுபோல் வெற்றிடம் தெரிந்தது.

வெளிர்மையைச் சரிசெய்தாலே போதாதா? கோட்டு நிரப்பல் எதற்கு?

நல்ல அச்சுப்பொறியிலிருந்து நேராக வரும் படிக்குப் போதும். நிறங்களைக் கைவிடவும் தேவையில்லை. அவற்றை வெவ்வேறு வெளிர்மையில் அமைத்தால் போதும். அடர்நீலம் `#08306b`, செங்கல் நிறம் `#c8501e`, இளம்பச்சை `#8fc97a`, வெளிர்மஞ்சள் `#fff0a0` ஆகிய நான்கும் முதல் வாய்பாட்டில் 43, 110, 175, 235 என்றும், இரண்டாவதில் 44, 102, 183, 237 என்றும் வருகின்றன. இரண்டிலும் வரிசை மாறவில்லை, இடைவெளியும் 50-க்குக் கீழே இறங்கவில்லை. திரையில் பார்ப்பவருக்கு வண்ணப் படம், தாளில் பார்ப்பவருக்கு நான்கு சாம்பல்.

ஆனால் கடுமையான நகல் சோதனையில் இந்த அழகும் நிற்காது: முதல் இரண்டும் கறுப்பு, பின் இரண்டும் வெள்ளை. அங்கேதான் சாய்கோடும் குறுக்குக்கோடும் உதவுகின்றன. வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு என்பது ஏற்கனவே இரண்டே நிலைகளில் இருக்கிறது. அதை இரண்டு நிலைக்குக் குறைக்க நகல் இயந்திரத்துக்கு வேலையே இல்லை. புள்ளித்திரையும் அதைத் தொடாது. சாம்பல் மறுநகலில் அழியும், கோடு தாக்குப்பிடிக்கும்.

கோட்டு நிரப்பலும் போட்டேன். இருந்தாலும் ஒரு துண்டு முழுக் கறுப்பாகவே வருகிறது. எங்கே தவறு?

அநேகமாகப் பின்னணி நிறத்தில்தான் தவறு. செங்கல் நிறத்தின் (110) மேல் கறுப்புச் சாய்கோடு இட்டிருப்பீர்கள். திரையில் அது மிக நேர்த்தியாக இருக்கும். கடுமையான நகலில் பின்னணியே கறுப்பாகிவிடுவதால், கறுப்புக் கோடு கறுப்புக்குள் ஒளிந்துகொள்கிறது. தென்னை மறுபடி நெல்லோடு சேர்ந்துவிடுகிறது. கோடு வேண்டிய துண்டுகளின் பின்னணி 170-க்கு மேல் வெளிறியிருக்க வேண்டும் என்பதை நான் மாறாத விதியாக வைத்திருக்கிறேன்.

திருத்திய படத்தில் கடைசியாக நான் நின்ற இடம் இது. நெல், கோடு ஏதுமற்ற அடர்நீலம் `#08306b`. தென்னை, வெளிர் செம்மஞ்சள் `#f2b48a` (சாம்பலில் 194) பின்னணியில் 45 பாகைச் சாய்வில் கறுப்புக் கோடுகள். நிலக்கடலை, வெறும் வெளிர்மஞ்சள் `#fff0a0`. காய்கறி, இளம்பச்சை `#8fc97a` பின்னணியில் இரு திசையிலும் செல்லும் குறுக்குக்கோடுகள். நான்குக்கும் மெல்லிய கறுப்பு ஓரக் கோடு. இப்போது தென்னையும் காய்கறியும் வெளிர்மையில் நெருங்கியவைதான் (194, 175). அதை நான் கவனித்தே விட்டேன். அவற்றைப் பிரிக்கும் பொறுப்பைக் கோடுகள் ஏற்றுக்கொண்டன. மூன்றாவது கட்டளையில் இட்டால் முழுக் கறுப்பு, சாய்கோடு, வெறும் வெள்ளைக் கட்டம், வலைக்கோடு என்று நான்கும் தனித்தனியே நிற்கின்றன. நிலக்கடலையே இல்லாத அந்தப் பெரியவரின் வார்டில், சாய்கோட்டின் மேல் வலைக்கோடு நேரடியாக உட்கார்ந்தாலும் எல்லை தெளிவாகத் தெரிகிறது.

எந்தத் திசைக் கோடு நல்லது?

சாய்கோடு. அடுக்குப் பட்டையில் படுக்கைக் கோடு இட்டால் ஒவ்வொரு கோடும் ஒரு துண்டின் எல்லை போலத் தோன்றி, வாசகர் எண்ணத் தொடங்கிவிடுவார். நெடுங்கோடு பட்டையின் ஓரத்தோடு குழம்பும். இடம் சாய்ந்த கோட்டையும் வலம் சாய்ந்த கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதையும் தவிர்க்கவும். கண் கூசி, நேரான பட்டையே வளைந்ததுபோல் தோன்றும். ஒன்று ஒற்றைக் கோடு, மற்றொன்று வலை என்று கோட்டின் வகையை மாற்றுவதே பாதுகாப்பு.

கால்க்கிலும் எக்செல்லிலும் இதை எங்கே அமைப்பது? கோடு மிக மெல்லியதாக அச்சாகிறதே?

கால்க்கில் அந்தத் துண்டை வலச்சொடுக்கு செய்து `Format Data Series` என்பதில் `Area` தாவலுக்குப் போய் `Hatch` என்பதை அழுத்துங்கள். கோடுகளுக்கு இடையேயான தூரம், கோணம், ஒற்றையா குறுக்கா, கோட்டின் நிறம், பின்னணி நிறம் ஆகியவற்றை அங்கே தனித்தனியே கொடுக்கலாம். கோட்டின் தடிமனை மட்டும் மாற்ற இடமில்லை. அது மயிரிழைக் கோடு. நல்ல பொறியில் அழகாக வரும். டோனர் தீரப்போகும் பொறியில் இடையிடையே அறுந்துபோகும். ஆகவே அதைத் தூரத்தால் ஈடுகட்டுகிறேன்: 2 மில்லிமீட்டருக்குப் பதில் 1 மில்லிமீட்டர் என்று நெருக்கி, கோட்டு நிறத்தை முழுக் கறுப்பாக வைக்கிறேன். அதே `Area` தாவலில் உள்ள `Pattern` என்பது வேறு; அது 8 × 8 கட்டங்களால் ஆன சிறு படம். எக்செல்லின் `Pattern fill` என்பதும் அந்த இனமே. திரையில் திடமாகத் தெரியும் அந்தக் கட்டங்கள், அச்சில் பொடியாகச் சுருங்கி ஒரு சாம்பல் பூச்சாகிவிடக்கூடும். எக்செல்தான் வேண்டுமென்றால் `Wide upward diagonal` போன்ற தடித்த வகையை எடுத்து, ஒரு தாளில் அச்சிட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்யவும்.

பைத்தானில் வரைபவர்களுக்குத் தடிமன் கைவசம் இருக்கிறது:

```python
plt.rcParams["hatch.linewidth"] = 0.8
plt.bar(x, thennai, bottom=nel, color="#f2b48a",
        edgecolor="black", hatch="//")
```

மேட்பிளாட்லிப்பில் சாய்வுக் குறியை இரண்டு முறை எழுதினால் கோடுகள் நெருங்கும், ஒரு முறை எழுதினால் விலகும்.

எந்த மென்பொருளானாலும், படத்தை ஆவணத்தில் ஒட்டிய பிறகு மூலையைப் பிடித்துப் பாதியாகச் சுருக்கினால் கோடுகளின் தூரமும் பாதியாகும். படத்தை அச்சாகப்போகும் அளவிலேயே வரைந்து, அந்த அளவிலேயே ஒட்டுங்கள். அறிக்கை முடியும் தறுவாயில் ஒரு பக்கத்தைக் குறைக்கலாம் என்று யாராவது படங்களைச் சுருக்கும்போதுதான் இந்த உழைப்பு வீணாகிறது.

குறிவிளக்கக் கட்டத்தில் மட்டும் கோடு சரியாகத் தெரியவில்லை.

அந்தக் கட்டம் பெரும்பாலும் 3 மில்லிமீட்டருக்கு மேல் இருப்பதில்லை. 2 மில்லிமீட்டர் இடைவெளியில் கோடு இட்டால் அதற்குள் ஒரு கோடோ இரண்டோதான் விழும்; ஒற்றைக் கோடா வலையா என்று யாரும் சொல்ல முடியாது. சாம்பலுக்கும் இதே இடத்தில் வேறொரு குறை உண்டு. ஒரே சாம்பல், கறுப்பின் பக்கத்தில் இருக்கும்போது வெளிறியதாகவும் வெள்ளையின் நடுவே இருக்கும்போது இருண்டதாகவும் கண்ணுக்குத் தோன்றும். பட்டைக்குள் கறுப்பு நெல்லின் மேல் அமர்ந்த சாம்பலும், குறிவிளக்கத்தில் வெள்ளைத் தாளின் நடுவே தனியாக நிற்கும் அதே சாம்பலும் ஒன்றாகத் தோன்றுவதில்லை. வாசகர் பக்கத்துக் கட்டத்தைத்தான் தொடுவார்.

குறிவிளக்கத்தை நீக்கிவிட்டு, ஏதாவது ஒரு அகலமான பட்டையின் பக்கத்தில் "நெல்", "தென்னை" என்று நேரடியாக எழுதிவிடுவதே என் விருப்பம். எங்கள் பக்கத்தில் ஒரே அறிக்கையைத் தமிழிலும் மலையாளத்திலும் தர வேண்டியிருப்பதால் பெயர்கள் இரட்டிப்பாகின்றன. இடம் போதாதபோது குறிவிளக்கக் கட்டங்களை 6 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கி, பட்டையில் உள்ள அதே வரிசையில், மேலிருந்து கீழாக அடுக்குகிறேன்.

கோட்டுப் படத்துக்கும் இதே முறைதானா?

இல்லை. கோட்டுக்கு வெளிர்மை உதவாது. மேலே சொன்ன 0.25 மில்லிமீட்டர் கட்டத்தை நினைவுகூருங்கள். 0.75 பாயின்ட் தடிமனுள்ள கோடு ஏறத்தாழ 0.26 மில்லிமீட்டர் அகலம். அதாவது புள்ளித்திரையின் ஒரே ஒரு கட்டம். அந்தக் கோட்டுக்குச் சாம்பல் நிறம் கொடுத்தால் அது கோடாக அச்சாகாது. புள்ளிகளின் வரிசையாக அச்சாகும். இளம் சாம்பலாக இருந்தால் புள்ளிகளுக்கு இடையே தாள் தெரியும், ஜெராக்ஸில் முழுதும் மறையும். நீங்கள் புள்ளிக்கோடு என்று இட்டதும், இளம் நிறக் கோடு தானாகப் புள்ளியானதும் அப்போது ஒன்றாகிவிடும்.

அதனால் எல்லாக் கோடுகளையும் முழுக் கறுப்பிலோ மிக அடர்ந்த நிறத்திலோ இட்டு, தொடர்கோடு, விட்டகோடு என்ற வடிவத்தாலும் தடிமனாலும் வேறுபடுத்துங்கள். ஆழியாற்று நீர் மணக்கடவு அணைக்கட்டுக்கு வந்த அளவை மாதம்தோறும் கூட்டி வரையும் படம் எங்கள் பகுதியில் அடிக்கடி தேவைப்படுகிறது. பரம்பிக்குளம் ஆழியாறு உடன்பாட்டின்படி அங்கே ஆண்டுக்கு 7.25 டிஎம்சி வர வேண்டும். அந்த 7.25-க்கான எல்லைக் கோட்டை மெல்லிய விட்டகோடாகவும், இந்த ஆண்டின் அளவைத் தடித்த தொடர்கோடாகவும், சென்ற ஆண்டின் அளவை வட்டக் குறியிட்ட மெல்லிய தொடர்கோடாகவும் வைத்து, ஒவ்வொன்றின் வலப்பக்க முனையிலும் பெயரை எழுதினால் போதும். கூட்டிச் செல்லும் அளவு சீராக ஏறுவதால் விட்டகோடும் பொருந்தும். தினசரி மழை போல ஏறி இறங்கும் தரவுக்கு விட்டகோடு ஆகாது. கூர்முனை வரும் இடத்தில் சரியாக இடைவெளி விழுந்து, அதிக மழை பெய்த நாளே காணாமல் போகும்.

மழை வரைபடத்தில் நீலத்திலிருந்து சிவப்பு வரை வண்ணம் இட்டிருக்கிறோம். அச்சிடலாமா?

அந்த வடிவில் வேண்டாம். வானவில் வரிசையில் நடுவிலுள்ள மஞ்சளே மிக வெளிறியது. நீல முனையும் சிவப்பு முனையும் இருண்டவை. சாம்பலில், மிகக் குறைந்த மழையும் மிக அதிக மழையும் ஒரே கருமையாகும். சராசரிக்குக் குறைவு சிவப்பு, அதிகம் நீலம் என்ற இருமுனை வண்ணத்துக்கும் இதே கதிதான். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வெளிர்மை ஒரே திசையில் மாறும் வரிசை வேண்டும். மேட்பிளாட்லிப் 2017-இல் வந்த தன் 2.0 பதிப்பிலிருந்து இயல்பாகத் தரும் `viridis` அத்தகையது. இருமுனைப் படம் தவிர்க்க முடியாதது என்றால் ஒவ்வொரு ஊராட்சியின் மேலும் + அல்லது − குறியை அச்சிட்டுவிடுங்கள்.

இறுதியாகப் படம் தேறியது என்று எப்படி முடிவு செய்வது?

ஜெராக்ஸ் கடையில் ஒரு தாளை அச்சிட்டு, அதை நகலெடுத்து, அந்த நகலை மறுபடி நகலெடுக்கச் சொல்லுங்கள். மூன்றாம் தலைமுறைத் தாளை, படத்தை முன்பு பார்த்திராத ஒருவரிடம் கொடுங்கள். "புரிகிறதா?" என்று கேட்காதீர்கள்; மரியாதைக்காக யாரும் புரிகிறது என்றுதான் சொல்வார்கள். "நான்காம் வார்டில் காய்கறி எந்தத் துண்டு, விரலை வையுங்கள்" என்று கேளுங்கள். மிகச் சிறிய துண்டு எந்தப் பட்டையில் இருக்கிறதோ அதைக் கேளுங்கள். ஏதாவது ஒரு பயிர் இல்லாத பட்டையையும் கேளுங்கள். விரல் தயங்கினால், அல்லது குறிவிளக்கத்துக்கு இரண்டு முறை போய் வந்தால், அந்தத் துண்டு தேறவில்லை. நான் ஐந்து கேள்விகள் கேட்கிறேன். ஒன்று தவறினாலும் படம் மறுபடி மேசைக்கு வருகிறது.

படத்தைத் திருத்திவிட்டேன். வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?

அறிக்கையின் உரையைப் பாருங்கள். "சிவப்பில் காட்டப்பட்ட பகுதி" என்று எங்காவது ஒரு வாக்கியம் மிச்சமிருக்கும். அதைச் "சாய்கோடிட்ட பகுதி" என்று மாற்றிவிடுங்கள். மலையாளப் பிரதியிலும் மறக்காமல் மாற்றுங்கள்.